கடற்கரை, புல்வெளிப் படங்கள்: குப்பையை எடுத்த இடத்தில் தரையை நிரப்புவது

ஒரு காகிதக் கப்பைப் படத்திலிருந்து அழிக்க ஒரு நொடி போதும். அது கிடந்த இடத்தில் என்ன வைப்பது என்பதில்தான் வேலையே இருக்கிறது. மணலும் புல்லும் பார்க்க ஒரே மாதிரி இருப்பதால், எங்கிருந்தாவது கொஞ்சம் எடுத்து ஒட்டிவிடலாம் என்று தோன்றும். ஒட்டிப் பார்த்தால் அந்த இடம் மட்டும் தனியே தெரியும். காரணம், கேமராவுக்கு அருகிலுள்ள மணலும் பத்தடி தள்ளியுள்ள மணலும் படத்தில் ஒரே அளவில் இல்லை. துகளின் பருமன், கூர்மை, நிறம், நிழலின் நீளம் எல்லாமே தூரத்துக்குத் தூரம் மாறுகின்றன. ஆகவே இந்த அத்தியாயம் முழுவதும் ஒரே விதியைச் சுற்றி நடக்கும்: நிரப்பும் தரையை, கேமராவிலிருந்து அதே தூரத்தில் உள்ள, அதே வெளிச்சம் விழும் தரையிலிருந்து எடுக்க வேண்டும்.

பாடத்துக்கு ஒரு படத்தை வைத்துக்கொள்வோம். சென்னை பெசன்ட் நகர் எலியட்ஸ் கடற்கரையில் காலை ஏழு மணிக்கு எடுத்த, திருமணத்துக்கு முந்தைய ஜோடிப் படம். கேமரா வடக்கே பார்க்கிறது, வலப்பக்கம் கடல். வெயில் வலமிருந்து தாழ்வாக வருவதால் நிழல்கள் எல்லாம் இடப்பக்கம் விழுகின்றன. படத்தின் அளவு 6000×4000 பிக்சல். அடிவானக் கோடு மேலிருந்து 1200ஆவது பிக்சலில் இருக்கிறது. மணலில் நான்கு தொல்லைகள்: தொலைவில் வெள்ளைப் புள்ளிகளாகத் தெரியும் சிறு குப்பை, நடுவில் பாதி புதைந்த பிளாஸ்டிக் பை, முன்னால் டீ குடித்துப் போட்ட காகிதக் கப், மணப்பெண்ணின் சேலை ஓரத்தை ஒட்டி ஒரு தண்ணீர் பாட்டில். மென்பொருள் போட்டோஷாப்.

முதலில் படத்தைப் படியுங்கள்

பிரஷ்ஷைத் தொடுவதற்கு முன், எது போக வேண்டும், எது இருக்க வேண்டும் என்று பிரித்துக்கொள்ளுங்கள். கடற்கரையில் படரும் அடம்பங்கொடியும் முள்முள்ளாக நிற்கும் இராவணன் மீசையும் களை அல்ல, அந்த மணலுக்கே உரியவை. அவற்றையும் துடைத்துவிட்டால் இடத்தின் அடையாளம் போய்விடும். காலடித் தடங்களும் அப்படித்தான். பொதுக் கடற்கரையில் தடமே இல்லாத மணல் ஸ்டுடியோ திரைபோல இருக்கும். பிளாஸ்டிக், காகிதம், சிகரெட் துண்டு, கயிற்றுத் துண்டு என மனிதர் போட்டவை மட்டும் போனால் போதும்.

அடுத்து ஒவ்வொரு பொருளின் நிழலையும் தேடுங்கள். கப்பை அழித்துவிட்டு அதன் நிழலை விட்டால், எதனுடையது என்று தெரியாத ஒரு கறுப்புக் கோடு மணலில் நிற்கும். அலை நனைத்த ஈர மணல் கண்ணாடிபோல இருப்பதால், அங்கே கிடக்கும் பொருளுக்குக் கீழே அதன் பிம்பமும் இருக்கும். பொருள், நிழல், பிம்பம் மூன்றையும் ஒன்றாகவே எடுக்க வேண்டும்.

பிறகு ஒரு வெற்று லேயரை மேலே போட்டு, எல்லாத் திருத்தத்தையும் அதில் செய்யுங்கள். கருவிகளில் Sample என்ற இடத்தில் Current & Below இருக்கட்டும். கீழே உள்ள படம் தொடப்படாமல் இருந்தால், எங்கே பிசகினாலும் அந்த இடத்தை மட்டும் அழித்து மறுபடி செய்யலாம். கூர்மையாக்குவதும் அளவு குறைப்பதும் எல்லாம் முடிந்த பிறகுதான். 

தொலைவில் உள்ளவை

அடிவானத்துக்கு அருகே மணல் துகள் தனித்தனியாகத் தெரியாது. வெறும் நிறப் பட்டையாகத்தான் இருக்கும். இங்கே Spot Healing Brush போதும். Type என்பதில் Content-Aware, Sample All Layers குறியிட்டு, புள்ளியைவிடச் சற்றே பெரிய பிரஷ்ஷால் ஒரு தொடு. இழுக்காதீர்கள், தொட்டுத் தொட்டு எடுங்கள். இந்தப் பகுதியில் அதிக நேரம் செலவிட வேண்டாம். பார்ப்பவர் கண் இங்கே நிற்காது.

நடுவில் உள்ள பை

பையையும் நிழலையும் சேர்த்து Lasso கருவியால் சுற்றுங்கள். விளிம்பில் ஒட்டிய நிறம் மிச்சமாகாதபடி `Select > Modify > Expand` கொண்டு தேர்வைப் பத்து பிக்சல் விரிவாக்குங்கள். பிறகு, கீழே உள்ள படத்தின் லேயரைத் தேர்ந்துகொண்டு, `Edit > Content-Aware Fill`. திறக்கும் பலகத்தில், மென்பொருள் எங்கிருந்து மணலை எடுக்கப்போகிறது என்பது பச்சையாகக் காட்டப்படும். அதை அப்படியே ஏற்றுக்கொண்டால், சேலையின் சிவப்போ கடலின் நீலமோ மணலில் வந்து விழும். Sampling Area Options என்பதில் Custom தேர்ந்து, பைக்கு இடமும் வலமும் அதே உயரத்தில் உள்ள மணலை மட்டும் பூசுங்கள். பச்சை படுக்கைவாட்டில் நீளமாகவும் மேல்கீழாகக் குறுகியும் இருக்க வேண்டும். தொடக்கத்தில் சொன்ன விதி இந்தக் கருவியில் இப்படித்தான் வேலைக்கு வருகிறது.

மற்ற அமைப்புகளில் Rotation Adaptation என்பதை None என்று வையுங்கள். Scale, Mirror இரண்டிலும் குறி வேண்டாம். Mirror ஏன் கூடாது என்பதைக் காலடித் தடத்தில் பார்க்கலாம். நம் படத்தில் வெயில் வலமிருந்து வருகிறது. தடம் ஒரு பள்ளம். அதன் வலப்பக்கச் சுவர் வெயிலுக்கு முதுகு காட்டுவதால் இருட்டு, இடப்பக்கச் சுவர் வெயிலை எதிர்கொள்வதால் வெளிச்சம். அதை இடவலமாகத் திருப்பினால் வலம் வெளிச்சம், இடம் இருட்டு. மேட்டின் அடையாளமும் அதுதான். ஆகவே பள்ளமெல்லாம் மேடாகத் தெரியும். எது தவறு என்று சொல்லத் தெரியாதவர்கூட அந்த இடத்தில் ஏதோ சரியில்லை என்று உணர்வார். வெளிச்சம் உள்ள தரையைத் திருப்பவும் சுழற்றவும் கூடாது. Output To என்பதில் New Layer.

அதே வரிசையில் எடுக்க இடமே இல்லாவிட்டால்? பைக்கு இருபுறமும் குப்பையோ ஆட்களோ இருந்தால் அப்படி ஆகும். அப்போது சற்று முன்னால் உள்ள மணலை எடுத்துச் சுருக்கிப் போடலாம். எவ்வளவு சுருக்குவது என்பதற்குக் கணக்கு இருக்கிறது. சமதரையில் ஒரு பொருள் எவ்வளவு அகலமாகத் தெரியும் என்பது, அது அடிவானத்துக்கு எத்தனை பிக்சல் கீழே இருக்கிறது என்பதற்கு நேர் விகிதத்தில் இருக்கும்.

```
பை:          2900 - 1200 = 1700
எடுக்கும் இடம்: 3200 - 1200 = 2000
அகலம்:       1700 / 2000 = 85%
உயரம்:       85% × 85%  = 72%
```

உயரம் ஏன் இன்னும் குறைகிறது என்றால், தரையில் படுத்திருக்கும் தடங்கள் தூரம் போகப் போக அகலத்தில் சுருங்குவதோடு, கண்ணுக்கு மேலும் சப்பையாகவும் தெரிகின்றன. `Window > Clone Source` பலகத்தில் W, H இரண்டையும் இணைக்கும் சங்கிலிக் குறியை நீக்கிவிட்டு 85, 72 என்று தட்டுங்கள். பிறகு Clone Stamp கொண்டு போடுங்கள். எப்போதும் முன்னால் உள்ளதை எடுத்துச் சுருக்க வேண்டும், பின்னால் உள்ளதைப் பெரிதாக்கக் கூடாது. பெரிதாக்கிய மணல் மங்கும். அந்த மங்கலைப் பிறகு சரிசெய்ய வழியில்லை. முன்புறம் ஃபோகஸ் இல்லாமல் மங்கியிருந்தால் இந்தக் கணக்கும் உதவாது. கூர்மையான மணலுக்குக் கூர்மையான மணல்தான் வேண்டும்.

முன்னால் கிடக்கும் கப்

படத்தின் கீழ்ப்பகுதியில் மணல் துகள் ஒவ்வொன்றும் தெரியும். இங்கே தானியங்கிக் கருவி ஒரே தடத்தை இரண்டு இடத்தில் போட்டுவிடும், அல்லது தடத்தைப் பாதியில் வெட்டிவிடும். கையால்தான் செய்ய வேண்டும்.

Clone Stamp எடுங்கள். Opacity 100, Flow 100, பிரஷ்ஷின் Hardness 70 முதல் 80. பலர் செய்யும் தவறு இந்த இடத்தில்தான் நடக்கிறது. ஒட்டு தெரியக்கூடாது என்று பிரஷ்ஷின் விளிம்பை மிகவும் மிருதுவாக வைப்பார்கள், அல்லது Opacityயைப் பாதியாகக் குறைத்துத் தடவுவார்கள். முகத்துக்கு அது சரி, மணலுக்குச் சரிவராது. ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரண்டு மணற்பரப்புகளைப் பாதிக்குப் பாதி கலந்தால், ஒன்றின் வெளிச்சத் துகள் மற்றதன் இருட்டுத் துகள் மேல் விழுந்து இரண்டும் சமனாகிவிடும். துகளின் வெளிச்ச வேறுபாடு ஏறத்தாழ 70 சதவீதமாகக் குறையும். அதனால் ஒட்டைச் சுற்றி ஒரு வழவழப்பான வளையம் தோன்றும். திருத்திய மணலைக் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் இந்த வளையம்தான். கடினமான விளிம்பு ஆபத்தாகத் தோன்றினாலும், துகள்களுக்கு நடுவே வெட்டுக்கோடு தானாகவே மறைந்துவிடும்.

கப் 3400ஆவது பிக்சலில் இருக்கிறது. அதற்கு வலப்பக்கம் அதே உயரத்தில் Alt அழுத்திச் சொடுக்கி, கப்பின் மேல் பூசுங்கள். கப்பின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்கு பிரஷ் போதும். ஒரே இழுப்பில் முடிக்காமல், மூன்று நான்கு இடங்களிலிருந்து எடுத்து, நேர்க்கோடு விழாதபடி ஒழுங்கற்ற வடிவில் நிரப்புங்கள். ஒரு தடத்தின் விளிம்பு கப்புக்குக் கீழே போய் மறைந்திருந்தால், அந்தத் தடத்தை முடித்துவைக்க வேண்டும். அதே உயரத்தில் வேறொரு தடத்தின் அதே பக்க விளிம்பை எடுத்துப் பொருத்துங்கள். தொடங்கி நடுவில் நின்றுபோகும் தடம் எந்த மணலிலும் இருக்காது.

போட்ட பிறகு துகள் சரியாக இருந்து, நிறம் மட்டும் சற்று வெளிறியோ இருண்டோ இருக்கலாம். அதற்கு Healing Brush. அது எடுக்கும் இடத்தின் துகளை மட்டும் கொண்டுவந்து, நிறத்தையும் வெளிச்சத்தையும் போடும் இடத்தின் சுற்றுப்புறத்திலிருந்து வாங்கிக்கொள்ளும். மணலுக்கு அதன் Diffusion அளவை 2 அல்லது 3 என்று தாழ்வாக வையுங்கள். துகள் உள்ள பரப்புக்குத் தாழ்ந்த அளவுதான் பொருந்தும்.

சேலையை ஒட்டிய பாட்டில்

சுற்றுப்புறத்திலிருந்து நிறம் வாங்கும் அந்தக் குணமே இங்கே எதிரி. பாட்டிலின் ஒரு பக்கம் மணல், மறுபக்கம் சிவப்புச் சேலை. Healing Brush தொட்டால் சேலையின் சிவப்பு மணலில் கசியும். ஆகவே சேலையின் ஓரத்தை Pen கருவியால் வரைந்து தேர்வாக மாற்றுங்கள். அதைத் திருப்பி, மணல் மட்டும் தேர்வில் இருக்கும்படி செய்து, உள்ளே Clone Stamp மட்டும் பயன்படுத்துங்கள். தேர்வின் விளிம்பு ஒரு பிக்சலுக்கு மேல் மிருதுவாக வேண்டாம்.

இந்தப் பாட்டில் சேலையின் நிழலுக்குள் கிடக்கிறது. நிழல் மணலுக்கு நிழல் மணலையே எடுக்க வேண்டும். வெயில் படும் மணலில் மஞ்சள் கூடியிருக்கும். நிழலில் உள்ள மணலுக்கு வானத்தின் வெளிச்சம் மட்டுமே கிடைப்பதால் நீலம் கூடியிருக்கும். நிழலில் போதிய இடம் இல்லாவிட்டால், வெயில் மணலைத் தனி லேயரில் போட்டு, அந்த லேயரோடு மட்டும் இணைத்த Curves கொண்டு இருட்டாக்கி, நீலத்தைச் சற்று உயர்த்தலாம். ஆனால் தாழ்ந்த வெயில் துகள்களுக்கிடையே உண்டாக்கிய சிறு நிழல்கள் அந்த மணலில் இருக்கும், நிழல் மணலில் அவை இருக்காது. அதனால் சிறிய இடத்துக்கு மட்டுமே இந்த வழி.

பாட்டில் மறைத்திருந்த சேலைப் பகுதியையும் கட்ட வேண்டியிருந்தால், முதலில் மணலை முடித்துவிட்டு, தேர்வைத் திருப்பி, சேலையின் மடிப்புக் கோடு போகும் திசையிலேயே துணியை நிரப்புங்கள்.

புல்வெளியில் என்ன மாறுகிறது

மணல் படுத்திருக்கிறது, புல் நிற்கிறது. வேறுபாடுகள் எல்லாம் இதிலிருந்தே வருகின்றன. சுருக்கிப் போடும்போது நிற்கும் புல்லுக்கு உயரமும் அகலமும் ஒரே அளவில்தான் குறையும். ஆகவே W, H இரண்டிலும் 85 என்றே தட்ட வேண்டும். முன்னால் உள்ள கொத்து பின்னால் உள்ளதன் அடியை மறைத்து நிற்பதால், திருத்தும்போது தொலைவிலிருந்து தொடங்கி முன்னோக்கி வாருங்கள். முன்னால் தொடங்கிப் பின்னால் போனால், தொலைவுப் புல் அருகுப் புல்லின் மேல் ஏறி நிற்கும். புல்வெட்டி ஓடிய வரிகள் இருந்தால், வெளிர்ந்த வரிக்கு வெளிர்ந்த வரியிலிருந்தும் கரும்பச்சை வரிக்கு அதிலிருந்தும் எடுங்கள். இந்த வரிகள் புல் சாய்ந்திருக்கும் திசையால் வருபவை, நிறத்தை மட்டும் மாற்றிச் சரிக்கட்ட முடியாது.

களையைப் பார்த்ததும் அழிக்கத் தொடங்காமல், அது எதனால் கண்ணை உறுத்துகிறது என்று பாருங்கள். பார்த்தீனியம்போல அகன்ற, வெட்டுப்பட்ட இலைகள் கொண்ட செடி வடிவத்தால் உறுத்துகிறது. அதை முழுவதும் எடுத்துப் புல்லை நிரப்ப வேண்டும். கோரைப்புல்லின் இலை புல்லிலிருந்து பெரிதாக வேறுபடாது. வெட்டிய மட்டத்துக்கு மேலே தலை நீட்டுவதால்தான் தெரிகிறது. மேலே நீட்டிய பகுதியை மட்டும், பின்னால் உள்ள புல்லைக் கொண்டு மூடினால் போதும். அடியைத் தொட வேண்டாம். காய்ந்து மஞ்சளான திட்டில் புல்லின் வடிவம் நன்றாகவே இருக்கிறது, தவறு நிறத்தில் மட்டும். அங்கே கிளோன் செய்வது வீண் வேலை. ஒரு புதிய லேயரை Color முறையில் வைத்து, பக்கத்துப் புல்லின் பச்சையை எடுத்து, Opacity 40 முதல் 60 வரை மெல்லப் பூசுங்கள். காய்ந்த புல் பச்சைப் புல்லைவிட வெளிச்சமாக இருப்பதால், மேலே ஒரு Curves கொண்டு அந்தத் திட்டை மட்டும் சிறிது இறக்குங்கள். மண் தெரியும் சொட்டைக்கு மட்டும்தான் புல்லையே கட்ட வேண்டும்.

செருப்பு, நாற்காலிக் கால் போன்றவை புல்லைத் தொடும் இடத்தில், கத்தரித்ததுபோல ஒரு கோடு விழும். நிஜத்தில் சில இலைகள் செருப்பின் மேல் ஏறி நிற்கும். இதற்கு Clone Stamp கருவிக்கே புல் வடிவப் பிரஷ் முனையைக் கொடுக்கலாம். Legacy Brushes தொகுப்பில் Dune Grass என்ற முனை இருக்கிறது. அதைக்கொண்டு நிறத்தைப் பூசினால் கார்ட்டூன்போல இருக்கும். அதே முனையால் பக்கத்துப் புல்லைக் கிளோன் செய்தால், நிஜப் புல்லின் நிறமும் துகளும் இலை வடிவ விளிம்போடு வந்து விழும். முனையின் அளவைப் பக்கத்துப் புல்லின் உயரத்துக்கு இறக்கிவிட்டு, ஒவ்வொரு பக்கமும் நான்கைந்து தொடு போதும்.

சரிபார்ப்பது

பெரிதாக்கி வேலை செய்தவர் கண்ணுக்குத் தன் தவறு தெரியாது. முதலில் 25 சதவீதத்துக்குச் சுருக்கிப் பாருங்கள். ஒரே தடமோ ஒரே புல் கொத்தோ இரண்டு முறை வந்திருந்தால் இந்த அளவில்தான் பளிச்சென்று தெரியும். பளிச்சென்ற அடையாளம் உள்ள ஒன்றை மட்டும் மாற்றினால் போதும். ஒரு சிப்பித் துண்டு, ஒரு வெளிர் இலை என்று ஏதோ ஒன்றுதான் நகலைக் காட்டிக்கொடுத்திருக்கும். `Image > Image Rotation > Flip Canvas Horizontal` கொண்டு படத்தைத் திருப்பிப் பார்ப்பதும் உதவும், பழகிப்போன கண் புதிதாகப் பார்க்கும். பார்த்தபின் மறக்காமல் திரும்பவும் திருப்பிவிடுங்கள்.

அடுத்து, மேலே ஒரு Curves லேயர் போட்டு, கோட்டைச் செங்குத்தான S வடிவில் இழுங்கள். வெளிச்ச வேறுபாடுகள் மிகைப்பட்டு, நிறம் பொருந்தாத ஒட்டுகள் திட்டுத்திட்டாக எழுந்து வரும். சரிசெய்ததும் அந்த லேயரை நீக்கிவிடலாம். கடைசியாக 100 சதவீதத்தில், திருத்திய இடத்தையும் பக்கத்தில் தொடாத இடத்தையும் ஒப்பிடுங்கள். திருத்திய இடம் வழவழப்பாக இருந்தால், மேலே 50% சாம்பல் நிரப்பிய லேயரை Soft Light முறையில் வைத்து, `Filter > Noise > Add Noise` கொண்டு Gaussian, Monochromatic குறியிட்டு 8 சதவீதம் அளவில் துகள் சேர்த்து, Gaussian Blur 0.5 பிக்சல் கொடுங்கள். மாஸ்க் வைத்து, வழவழப்பான இடத்துக்கு மட்டும் அதைத் திறந்துவிடுங்கள். கேமராவின் துகள் போய்விட்ட இடத்துக்குத்தான் இது மருந்து. மணலே இல்லாத இடத்தில் இது மணலை உண்டாக்காது.

எல்லை

படத்தில் தெரியும் தரையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குப்பையாக இருந்தால், எடுப்பதற்குப் போதிய நல்ல மணல் மிஞ்சாது. எவ்வளவு திறமையாகச் செய்தாலும் ஒரே திட்டுதான் சுற்றிச் சுற்றி வரும். இதற்குத் தீர்வு படம் எடுக்கும் இடத்திலேயே இருக்கிறது. ஜோடியை எடுத்து முடித்ததும், கேமராவின் உயரம், லென்ஸ், அபர்ச்சர், ஃபோகஸ் தூரம், பார்க்கும் திசை எதையும் மாற்றாமல், நாலடி நகர்ந்து சுத்தமான வெறுந்தரையை இரண்டு படம் எடுத்துவையுங்கள். தூரமும் வெளிச்சமும் ஏற்கெனவே பொருந்தியிருப்பதால், அந்தப் படத்தை லேயராக வைத்து, அடிவானத்தை ஒன்றின் மேல் ஒன்று பொருத்தி, மாஸ்க் மூலம் வேண்டிய இடத்தைத் திறந்தால் போதும். தாழ்ந்த வெயில் வேகமாக மாறும், ஆகவே ஜோடிப் படம் எடுத்த கையோடு எடுத்துவிட வேண்டும்.

கல்யாண ஆல்பத்துக்கு இந்த வேலை தாராளமாகச் செய்யலாம். செய்திப் படத்துக்கும், திருத்தத்தைத் தடைசெய்யும் போட்டிகளுக்கும் கூடாது. விற்கவோ வாடகைக்கு விடவோ வைத்திருக்கும் இடத்தின் விளம்பரப் படத்தில், ஒரு நாள் கிடந்த குப்பையை எடுக்கலாம். ஆண்டு முழுவதும் இருக்கும் சொட்டையைப் புல்லாக்கிக் காட்டினால், அதை நம்பி வருபவர் ஏமாறுவார். லேயர்கள் உள்ள கோப்பை PSD ஆகத் தனியே வைத்திருங்கள். என்ன மாற்றினீர்கள் என்று யாராவது கேட்டால், மேல் லேயர்களை அணைத்துக் காட்டிவிடலாம்.